குண்டு கூடக் கூட கேம் நொண்டுகிறது, அவசரம்

தக்கலைத் தம்பி
வணக்கம். நான் செய்கிற கேமில் முதல் இரண்டு கப்பல் வரை நன்றாக ஓடுகிறது. மூன்றாவது கப்பல் சுட ஆரம்பித்ததும் நின்று நின்று நகர்கிறது. கொலிஷன் செக்தான் காரணம். கிரிட் போட்டால் சரியாகும் என்று ஒரு அண்ணன் சொன்னார். எப்படிப் போடுவது? சனிக்கிழமை காலேஜில் காட்டியாக வேண்டும், ஒரே வெப்ராளமாக இருக்கிறது.

ரப்பர் காடு
எந்த மொழி? எத்தனை குண்டு? எது எதோடு மோத வேண்டும்? கொலிஷன்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? வரைவதற்கே அவ்வளவு நேரம் ஆகலாமே.

வேளிமலை
எல்லாம் `Math.sqrt` செய்கிற வேலை. தூரத்தை வர்க்கமாகவே வைத்து ஒப்பிட்டுப் பார். எனக்கு அதிலேயே சரியானது.

பழைய ஆள்
மாதம் ஒரு தடவை இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. குவாட்ட்ரீ போடு, வேலை முடிந்தது.

தக்கலைத் தம்பி
மன்னிக்கணும் அண்ணே, அவசரத்தில் விட்டுவிட்டேன். ஜாவாஸ்கிரிப்ட், கேன்வாஸ், 960க்கு 540. குளச்சல் போர்தான் கதை. டச்சுக் கப்பல்கள் சுடும், நாம் கரையிலிருந்து சுடுவோம், நம் குண்டு அவர்கள் குண்டை நடுவானில் உடைக்கலாம். கூட்டம் கூடும்போது அவர்கள் குண்டு 3600, நம்முடையது 400. எல்லாம் ஒரே அளவு, ஆரம் 4 பிக்சல். `performance.now()` வைத்துப் பார்த்தேன். கொலிஷனுக்கு மட்டும் 38 மில்லிசெகண்ட், வரைய 5. வேளிமலை அண்ணன் சொன்னபடி sqrt-ஐ நீக்கினேன், 38 என்பது 35 ஆனது.

```js
for (let i = 0; i < all.length; i++)
  for (let j = i + 1; j < all.length; j++)
    if (hit(all[i], all[j])) resolve(all[i], all[j]);
```

குழித்துறைக்காரன்
எனக்கும் இதே பிரச்சினை! என் புல்லட் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. கிரிட் போட்டால் நிற்குமா?

முட்டத்துக்காரி
குழித்துறை, அது வேறு நோய். உங்கள் புல்லட் ஒரு ஃப்ரேமில் சுவரின் தடிமனை விட அதிக தூரம் தாவுகிறது. கிரிட் அதைத் தீர்க்காது, தனி இழை போடுங்கள்.

தம்பி, கிரிட்டுக்கு முன்னால் உன் லூப்பைப் பார். 4000 பேரை ஒரே வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிடுகிறாய். ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 80 லட்சம் ஜோடி. அதில் 65 லட்சம் டச்சுக் குண்டும் டச்சுக் குண்டும். அவை ஒன்றையொன்று உடைக்கப் போவதே இல்லையே? இரண்டு பட்டியலாகப் பிரி. நம் 400 எதிர் அவர்களின் 3600, அதாவது 14 லட்சத்து 40 ஆயிரம். 38 என்பது 7 பக்கம் வந்துவிடும். 60 ஃப்ரேமுக்கு உனக்குக் கிடைப்பது 16.6 மில்லிசெகண்ட், ஆக சனிக்கிழமைக்கு இதுவே போதும்.

கிரிட் அதற்கப்புறம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டம் வண்டியைப் பிடிக்கிறவன் நிற்கிற எல்லா வண்டியின் போர்டையும் படிப்பதில்லை, அந்த வரிசைக்கு நேராகப் போகிறான். திரையை 32 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தால் 30க்கு 17, மொத்தம் 510. டச்சுக் குண்டை அதன் மையம் விழும் கட்டத்தில் போடு. நம் குண்டு ஒவ்வொன்றுக்கும் மையத்திலிருந்து நாலு பக்கமும் 8 பிக்சல் தள்ளிப் பார். 8 ஏன் என்றால் இரண்டு ஆரமும் சேர்ந்து அவ்வளவு. அந்தச் சதுரம் தொடுகிற கட்டங்களை மட்டும் தேடு. தன் கட்டத்தை மட்டும் பார்த்தால் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒட்டி நிற்கிற குண்டு தப்பிவிடும். கட்டத்துக்குச் சராசரி 7 குண்டு, தேடுவது ஒன்று முதல் நாலு கட்டம், சராசரி இரண்டேகால். குண்டுக்கு 16 ஒப்பீடு, மொத்தம் 6,400 சுமார்.

பழைய ஆள்
எல்லாக் குண்டும் ஒரே கப்பலிலிருந்து கிளம்பும்போது ஒரே கட்டத்தில் 300 கிடக்கும். உங்கள் சராசரி அப்போது எங்கே போகும்? குவாட்ட்ரீ அதைத் தானாகப் பிரித்துக்கொள்ளும்.

முட்டத்துக்காரி
கப்பல் வாயில் குண்டு குவியும், உண்மைதான். ஆனால் அங்கே நம் குண்டு எத்தனை போகும்? பத்து போனால் மூவாயிரம் ஒப்பீடு கூடும், அவ்வளவே. குவாட்ட்ரீ மரமானால் 3600 குண்டும் நகர்வதால் ஃப்ரேமுக்கு ஒருமுறை புதிதாகக் கட்ட வேண்டும். உலகம் பெரிதாக, ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் நானும் மரம் பக்கம் வருவேன்.

பழைய ஆள்
அளந்து பார்த்தீர்களா?

முட்டத்துக்காரி
இந்தக் கேமில் இல்லை. நீங்கள்?

வாள்வச்சகோஷ்டம்
கிரிட் கிடக்கட்டும். 1741இல் குளச்சலில் நாலாயிரம் குண்டு எங்கே இருந்தது? துடுப்பைத் தோளில் சாய்த்து துப்பாக்கி மாதிரி நின்றார்கள் என்றுதானே கதை சொல்வார்கள்.

ரப்பர் காடு
அது ஊர்க்கதை. சரணடைந்த டச்சுத் தளபதி டிலனாய் அப்புறம் மார்த்தாண்ட வர்மாவிடமே படைக்குப் பயிற்சி கொடுத்தார், உதயகிரிக் கோட்டையில் கல்லறை இருக்கிறது. தம்பி அவரைக் கடைசி பாஸாக வைக்கலாமே.

வாள்வச்சகோஷ்டம்
பிடிபட்ட ஆளை பாஸாக வைத்தால் கடைசியில் நம் பக்கம் சேர வேண்டாமா?

தக்கலைத் தம்பி
அக்கா, பட்டியலைப் பிரித்ததும் நீங்கள் சொன்ன மாதிரி 7 வந்தது. கிரிட் போட்டேன், 9 ஆகிவிட்டது! இரண்டு மூன்று செகண்டுக்கு ஒருமுறை வெட்டி வெட்டி இழுக்கிறது. `Map` வைத்து, `cx + "," + cy` என்று சாவி கொடுத்தேன்.

முட்டத்துக்காரி
அந்தச் சாவிதான். குண்டுக்கு ஒரு ஸ்ட்ரிங், செகண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் உருவாக்கி வீசுகிறாய். கட்டத்துக்கு ஒரு புது அரே வேறு. குப்பை சேர்ந்ததும் பிரவுசர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பெருக்குகிறது, அந்த வெட்டு அதுதான். `head`, `next` என்று இரண்டு `Int32Array` ஒரே ஒரு முறை எடுத்து வை. `head`க்கு 510 இடம், `next`க்குக் குண்டுக்கு ஒன்று.

```js
head.fill(-1);
for (let i = 0; i < n; i++) {
  const c = (y[i] >> 5) * COLS + (x[i] >> 5);
  next[i] = head[c];
  head[c] = i;
}
```

`>> 5` என்பது 32ஆல் வகுப்பதுதான். ஒரு கட்டத்தைப் படிக்க `head[c]`இல் தொடங்கி -1 வரும் வரை `next` வழியாகப் போ. லூப் நடுவில் செத்த குண்டை அரேயிலிருந்து எடுக்காதே, எண்கள் இடம் மாறிவிடும். குறித்து வைத்து கடைசியில் எடு.

தக்கலைத் தம்பி
1 மில்லிசெகண்ட் கூட இல்லை அக்கா!! ஆனால் இடது ஓரத்தில் மட்டும் சில குண்டு படாமல் போகிறது. இங்கே மழை, கரண்ட் போகப் பார்க்கிறது. அப்புறம் வருகிறேன்.

முட்டத்துக்காரி
x-இன் மதிப்பு -3 ஆனால் `-3 >> 5` என்பது -1. மேல் வரிசையின் கடைசிக் கட்டத்தில், அதாவது வலது ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடும். சுற்றிலும் ஒரு கட்டம் கூடுதலாக விடு, 32க்கு 19. `COLS` 32, `head`க்கு 608 இடம் என்று மாற்று. போடும்போதும் தேடும்போதும் x, y இரண்டோடும் 32 கூட்டிக்கொள். திரையை விட்டு 16 பிக்சல் தாண்டிய குண்டை எடுத்துவிடு.

வேளிமலை
sqrt-ஐ நீக்கியதிலும் 3 குறைந்தது, அதை யாரும் சொல்லவில்லை.

ரப்பர் காடு
தம்பி, சனிக்கிழமை என்ன ஆயிற்று? ஓரம் சரியானதா?

குழித்துறைக்காரன்
அவர் இன்னும் வரவில்லை போல. என் சுவர் விஷயத்துக்குத் தனி இழை போட்டிருக்கிறேன், அக்கா கொஞ்சம் பாருங்கள்.