அப்பா பெயருக்குப் போன கடிதம்

நித்யா: ஒரு கருத்தரங்குக்கு 240 பேருக்கு ஆங்கிலத்தில் அழைப்பு அனுப்பினேன். "டியர் மிஸ்" என்பதற்குப் பக்கத்தில் Last_Name கட்டத்தில் உள்ளது தானாக வந்து உட்காரும்படி அமைத்திருந்தேன். ச. மலர்விழி (பெயரை மாற்றியிருக்கிறேன்) பதிவுப் படிவத்தில் இனிஷியலை மட்டும் போட முடியாமல், அங்கே அப்பா பெயரை நிரப்பியிருக்கிறார். "டியர் மிஸ் சண்முகம்" என்று போய்விட்டது. "அது என் அப்பா. அவர் தவறி நாலு மாசம்தான் ஆகுது" என்று பதில் வந்தது. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

குமரவேல்: அப்படியானால் First_Name போட்டுவிடுங்கள், தீர்ந்தது.

நித்யா: அதையும் பார்த்தேன் அண்ணா. இனிஷியலை முதலில் எழுதியவர்களுக்கு "டியர் ச" என்று வருகிறது.

ரஹீம்: எனக்கு பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், சர்நேம் காலி. அமெரிக்க விசாவில் என் பெயரை சர்நேம் இடத்தில் போட்டு, முன்பெயர் இடத்தில் 'முன்பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் FNU என்று அடித்துவிட்டார்கள். அங்கே போனபின் வங்கிக் கடிதமெல்லாம் "டியர் எஃப்என்யூ". டிக்கெட்டில் என்ன போடுவது, யாருக்காவது தெரியுமா?

சாந்தி அக்கா: ரஹீம் தம்பி, டிக்கெட்டுக்கு விமான நிறுவனத்தையே கேளுங்கள், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. நித்யா, பட்டியலில் "எப்படி அழைக்கலாம்?" என்று தனிக் கட்டம் வையுங்கள். பதிவு செய்பவரே நிரப்பட்டும், கடிதம் அதிலிருந்து மட்டும் எடுக்கட்டும். சட்டப்பூர்வமான பெயர் சான்றிதழுக்கு இருக்கட்டும். பழைய பட்டியலில் ஆங்கில எழுத்துப் பெயர்கள் B பத்தியில் இருந்தால், இனிஷியலாக இருக்கக்கூடியதை இது காட்டும்:

```
=LEN(SUBSTITUTE(B2,".",""))<=2
```

TRUE வந்த வரிகளைக் கண்ணால் பாருங்கள், தானாக மாற்றாதீர்கள். Li, Wu என்று இரண்டே ஆங்கில எழுத்தில் முழுப்பெயர் உள்ளவர்களும் சிக்குவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பர்மியருக்கு முன்னால் இருந்த "U" எழுத்தை இனிஷியல் என்று நினைத்துப் புள்ளி வைத்து அனுப்பினேன். அது மரியாதைச் சொல், நம் 'திரு' மாதிரி. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலராக இருந்த ஊ தாண்ட்டின் சொந்தப் பெயர் தாண்ட் மட்டும்தான்.

குமரவேல்: ஆனால் வெறும் "மலர்விழி" என்று எழுதினால் மரியாதைக் குறைவாகத் தெரியாதா? வயதில் பெரியவராக இருந்தால்?

சாந்தி அக்கா: "மிஸ் மலர்விழி" எழுதலாமே. பட்டம் சொந்தப் பெயரோடு சேர்வதுதான் நம் வழக்கம். கலாமை "டாக்டர் கலாம்" என்றோம், ஏ.பி.ஜே.யில் இருப்பதெல்லாம் முன்னோர் பெயர்கள்.

நித்யா: ஆணா பெண்ணா என்றே தெரியாத பெயர்களுக்கு? என் பட்டியலில் பதினோரு பேர் அப்படி.

சாந்தி அக்கா: நான் பட்டமே போடாமல் முழுப்பெயரை எழுதிவிடுவேன். சில பெரியவர்கள் அதற்கும் வருத்தப்பட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

நித்யா: மலர்விழிக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பெயரை மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.