சம்ப்புக்கு உள்பூச்சா, கிறிஸ்டலைன் பவுடரா?

திருவாரூர் பக்கம் வீடு கட்டுகிறோம், தரைக்கடியில் கான்கிரீட் சம்ப். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே நாலடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும்.

உள்பக்கம் கோட்டிங் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. எனக்கு மனம் ஒப்பவில்லை. மழைக்காலத்தில் கழுவுவதற்காகத் தொட்டியைக் காலி செய்தால், வெளியே நிற்கும் தண்ணீர் சுவர் வழியாக உள்ளே தள்ளும். பூச்சு கொப்பளித்து உரியும். பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆனது.

கிறிஸ்டலைன் பவுடரைக் கான்கிரீட் கலக்கும்போதே சேர்ப்பதால் அது உள்ளேயே இருக்கும், உரிந்துபோக வழியில்லை. ஈரம் பட்டால் துளைகளில் படிகம் வளர்ந்து மயிரிழை விரிசலையும் அடைக்கும். மூட்டைக்கு இத்தனை மில்லி என்று ஊற்றும் சாதாரண வாட்டர்ப்ரூஃப் திரவம் இப்படி அடைக்காது. ஆனால் சரியாகக் குத்தாமல் ஜல்லி தெரியும் இடத்தையும், தளமும் சுவரும் சேரும் இணைப்பையும் பவுடர் காப்பாற்றாது. அதனால் இணைப்பில் வாட்டர் ஸ்டாப் வைக்கப்போகிறேன்.

நான் பார்த்த பவுடருக்கு சிமெண்ட் எடையில் 1 சதவீதம். கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட் என்றால் மூன்றரை கிலோ.

டெல்டாவில் இதைப் போட்டவர்கள் சொல்லுங்கள்: சைட் மிக்சரில் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினீர்களா, ஜல்லி மணலோடு உலர்வாகக் கலந்தீர்களா? மண் நிரப்புவதற்கு முன் வெளிச்சுவருக்கும் பூச்சு அடித்தீர்களா? அடுத்த மழைக்குச் சுவர் உள்பக்கம் எப்படி இருந்தது?