உதவி: ஆன்லைன் வகுப்பில் நான் பேசுவதைவிட கீபோர்டும் ஃபேனும்தான் அதிகம் கேட்கிறதாம்

பைத்தான்_டீச்சர்
அவசரம். நாளை மாலை 6 மணிக்கு வகுப்பு. நான் டைப் செய்யும் சத்தம் இடி மாதிரி கேட்கிறது என்று பிள்ளைகள் புலம்புகிறார்கள். கூடவே ஃபேன் சத்தம் வேறு. போன் புதிது, சாதாரணமாகப் பேசும்போது யாரும் குறை சொன்னதில்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டெக்_சிங்கம்
மறுபடியும் இதே கேள்வியா? மேலே தேடும் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. என்ன போன், என்ன ஆப் என்று எதுவும் சொல்லாமல் "அவசரம்" என்றால் நாங்கள் ஜோசியமா பார்க்க முடியும்? நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். கதை முடிந்தது.

கோரிப்பாளையம்
மேடம், டைப் செய்வது எதில்? போனிலேயா, லேப்டாப்பிலா? போன் எங்கே இருக்கிறது? சீலிங் ஃபேனா, டேபிள் ஃபேனா?

மாடிவீடு
எனக்கும் இதே பிரச்சினை. லேப்டாப், போன் இரண்டிலும் ஒரே மீட்டிங்கில் சேர்ந்தால் "ஊய்ங்" என்று காதைக் கிழிக்கும். ஒன்றில் ஸ்பீக்கரையும் மைக்கையும் அணைத்தேன், சரியாகிவிட்டது. செய்து பாருங்கள்.

கோரிப்பாளையம்
@மாடிவீடு அது எக்கோ. அவர் கேட்பது வேறு.

பைத்தான்_டீச்சர்
ஜூம்தான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை டியூஷன். லேப்டாப்பில் கோடு அடித்துத் திரையைப் பகிர்கிறேன். லேப்டாப்பின் மைக் வேலை செய்யாது, அதனால் போனில் இன்னொரு ஆளாகச் சேர்ந்து அதில் பேசுகிறேன். லேப்டாப்பில் ஆடியோவில் சேருவதே இல்லை, எக்கோ கிடையாது. போன் ஆண்ட்ராய்டு. அதே மேசையில், லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கிறது. சீலிங் ஃபேன், நேராகத் தலைக்கு மேலே. அதை நிறுத்தச் சொல்லாதீர்கள், இந்த வெயிலில் ஆகாது.

ஐபோன்_அண்ணன்
கண்ட்ரோல் சென்டரைத் திறந்து Mic Mode என்பதில் Voice Isolation வைத்தால் போதும். ஃபேன் இருப்பதே தெரியாது.

கோரிப்பாளையம்
அண்ணே, அவர் ஆண்ட்ராய்டு என்று உங்களுக்கு நேர் மேலேதான் எழுதியிருக்கிறார்.

பழைய_ரேடியோ
டீச்சர், விவரம் சொன்னதும் பாதி விடை கிடைத்துவிட்டது. செட்டிங்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் போன் இருக்கும் இடத்தைக் கவனிப்போம்.

சாதாரணமாகப் பேசும்போது போன் காதில் இருக்கும். அதன் அடி மைக் வாய்க்கு மிக அருகில் வரும். பெரும்பாலான போன்களில் மேலேயோ கேமரா பக்கத்திலோ இரண்டாவது மைக் ஒன்றும் உண்டு. குரல் அடி மைக்கில் பலமாகவும் மேல் மைக்கில் மெல்லியதாகவும் விழும், அறையின் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் போன் எது குரல், எது இரைச்சல் என்று பிரிக்கிறது. ஸ்டாண்டில் எட்ட வைத்துவிட்டால் குரலும் இரண்டு மைக்கிலும் ஒரே அளவுதான், பிரிக்க ஒன்றும் கிடைக்காது. போன் கெட்டுப்போகவில்லை, அதற்குத் தெரிந்த வித்தை அந்தத் தூரத்தில் பலிக்கவில்லை.

அடுத்தது மேசை. நீங்கள் தட்டும்போது சத்தம் காற்றில் வருவதைவிட பலகை வழியாக அதிகம் வருகிறது என்று நினைக்கிறேன். மேசைப் பலகை தவில் தோல் மாதிரி. ஒரு ஓரத்தில் தட்டினால் மறு ஓரம் வரை அதிரும். ஸ்டாண்டின் உதட்டில் போனின் அடிப்பாகம் உட்காருகிறது, மைக் ஓட்டை இருப்பதும் அங்கேதான். அதிர்வு நேராக மைக்குக்குப் போகிறது. சில ஸ்டாண்டுகளின் ரப்பர் அந்த ஓட்டையையே பாதி மூடிவிடும், அப்போது குரல் மங்கி தட்டல் மட்டும் தூக்கலாகக் கேட்கும்.

ஊகம் வேண்டாம், சோதித்துவிடுங்கள். போனிலுள்ள ரெக்கார்டரில் கொஞ்ச நேரம் எப்போதும்போல வைத்துப் பேசிக்கொண்டே டைப் செய்யுங்கள். பிறகு யாரையாவது போனை அதே உயரத்தில், மேசையில் படாமல் பிடிக்கச் சொல்லி அதையே செய்யுங்கள். "தும் தும்" என்ற அடிச்சத்தம் போய், மெல்லிய "டிக்" மட்டும் மிஞ்சினால் குற்றவாளி மேசை. மாற்றமே இல்லையென்றால் காற்று வழி. ஃபேனுக்கும் ஒரு சோதனை உண்டு. ஃபேன் ஓடும்போதே மைக் ஓட்டையைத் தொடாமல் அதைச் சுற்றிக் கையைக் குவித்துப் பிடியுங்கள். "பொர்ர்" என்பது சட்டென்று அடங்கினால் காற்று ஓட்டையில் மோதுகிற சத்தம் அது. அடங்காவிட்டால் மோட்டார் அல்லது இறக்கையின் இரைச்சல். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

டெக்_சிங்கம்
இவ்வளவு ஆராய்ச்சி தேவையே இல்லை. ஹெட்போன் என்றேனே.

பழைய_ரேடியோ
தம்பி, நீங்கள் சொல்லும் நாய்ஸ் கேன்சலிங் அதைப் போட்டிருப்பவர் காதுக்கு அமைதி தருவது. டீச்சருக்கு ஃபேன் கேட்காமல் போகும், பிள்ளைகளுக்கு அப்படியே கேட்கும். மைக் பக்கம் இரைச்சலைக் குறைப்பது தனி வேலை. சில ஹெட்போன்களில் இரண்டும் இருக்கும், சிலவற்றில் முதலாவது மட்டும்தான். பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

டெக்_சிங்கம்
என்னுடையதில் இரண்டும் இருக்கிறது. நான் அதைத்தான் சொன்னேன்.

சுவரோரம்
செலவில்லாத வழி இருக்கிறது. மைக் ஓட்டையில் செலோ டேப் ஒட்டுங்கள். ஃபேன் சத்தம் நின்றுவிடும், நான் செய்திருக்கிறேன்.

பழைய_ரேடியோ
காற்று மோதும் சத்தம் நிற்கும், அதுவரை சரி. ஆனால் ச, ஸ போன்ற ஓசைகளும் சேர்ந்து மங்கிப்போகும், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். மேசை அதிர்வை டேப் தொடவே தொடாது. டேப்புக்குப் பதிலாக மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை ஓட்டைக்கு முன்னால் தளர்வாக நிறுத்தினால் காற்று உடைந்துவிடும், குரல் உள்ளே போகும்.

நெல்லை_மாணவி
நான் ஸ்டூடன்ட் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அக்கவுன்டன்சி சாருக்கும் இப்படித்தான் கேட்கும். ஆனால் அவர் பேசும்போது சத்தம் அவ்வளவு தெரியாது. பேச்சை நிறுத்தி டைப் மட்டும் செய்யும்போதுதான் திடீரென்று பெரிதாகிறது. ஏன்?

பழைய_ரேடியோ
நல்ல கேள்வி. போனும் ஆப்பும் ஒலி அளவைத் தாங்களாகவே ஏற்றி இறக்கும். குரல் நின்றதும் "ஆள் மெதுவாகப் பேசுகிறார் போல" என்று எடுத்துக்கொண்டு அளவை ஏற்றும், அப்போது தட்டலும் ஃபேனும் மேலே வரும். குரல் எவ்வளவு பலமாக மைக்கில் விழுகிறதோ அவ்வளவுக்கு அது ஏற்ற வேண்டிய தேவை குறையும். அதனால்தான் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 60 செ.மீ. தள்ளி இருப்பதை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் குரல் சுமார் 12 டெசிபல் ஏறும். ஃபேன் சத்தமோ அறை முழுக்கப் பரவியிருப்பதால் கிட்டத்தட்ட அதே அளவில்தான் நிற்கும். எந்த செட்டிங்கைவிடவும் இது பெரிய லாபம்.

வீணை_அக்கா
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை. வீணை சொல்லித் தருகிறேன், தம்புரா சுருதியை ஜூம் விழுங்கிவிடுகிறது. அதனால் Original Sound என்பதை ஆன் செய்துதான் வகுப்பு எடுப்பேன். டீச்சர், யாராவது சொல்லி நீங்களும் அதை ஆன் செய்திருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் ஆப் இரைச்சலை வடிகட்டாது.

கோரிப்பாளையம்
சுருதியை ஏன் விழுங்க வேண்டும்? அது சத்தம் இல்லையே.

பழைய_ரேடியோ
வடிகட்டிக்குச் சங்கீத ஞானம் ஏது? மாறாமல் ஒரே சீராக ஓடும் ஒலியைப் பின்னணி என்று முடிவு கட்டிக் கழித்துவிடும். ஃபேனும் சீராக ஓடுகிறது, தம்புராவும் சீராக ஓடுகிறது. அதே காரணத்தால்தான் ஃபேனைக் கழிப்பது சுலபம், கீபோர்டைக் கழிப்பது கடினம். தட்டல் திடீரென்று வந்து போய்விடும். நம் பேச்சில் க், ட், ப் எல்லாமும் அப்படித் திடீரென்று வெடிக்கிற ஒலிகள்தான். பேசிக்கொண்டே டைப் செய்தால் வடிகட்டி தட்டலோடு சேர்த்து வல்லினத்தையும் கடித்துவிடும். இப்போதைய ஆப்கள் முன்பைவிடத் தேவலை, ஆனாலும் மேசையிலேயே தடுப்பதுதான் நல்லது.

மின்வாரியம்_பக்கத்து_வீடு
யாரும் ரெகுலேட்டரைப் பற்றிப் பேசவில்லையே. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் 2, 3-ல் வைத்தால் ஃபேன் "ம்ம்ம்" என்று முனகும். 5-ல் வைத்தால் முனகல் போய்விடும். பழைய பெட்டி ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

சுவரோரம்
5-ல் வைத்தால் காற்று அதிகமாகி மைக்கில் மோதுமே! பெட்டி ரெகுலேட்டர் கரண்டைச் சூடாக்கி வீணடிக்கும். பேசாமல் பிஎல்டிசி ஃபேனுக்கு மாறுங்கள்.

மின்வாரியம்_பக்கத்து_வீடு
ஒரு டியூஷனுக்காக ஃபேன் மாற்றச் சொல்கிறீர்களா? முனகல் ரெகுலேட்டரால்தான். எங்கள் வீட்டில் மாற்றியதும் நின்றது.

கோரிப்பாளையம்
இரண்டு பேரும் ஃபேனுக்குத் தனி இழை போடுங்களேன்.

பைத்தான்_டீச்சர்
Original Sound ஆஃபில்தான் இருக்கிறது. தங்கச்சியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். பழைய_ரேடியோ ஐயா சொன்னது சரி, தூக்கிப் பிடித்ததும் "தும் தும்" போய்விட்டது, லேசான டிக் டிக் மட்டும் இருக்கிறது. கையைக் குவித்தால் ஃபேன் சத்தம் பாதிதான் குறைகிறது. இப்போது என்ன செய்ய? புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனை வைக்கட்டுமா?

பழைய_ரேடியோ
புத்தக அடுக்கும் அதே மேசைமேல்தானே இருக்கும், அதிர்வு ஏறி வரும். போன் மேசையை விட்டே இறங்க வேண்டும். உயரமான ஸ்டூல் ஒன்றை நாற்காலிக்குப் பக்கத்தில், மேசையில் இடிக்காமல் போடுங்கள். அதன்மேல் தலையணை, தலையணைமேல் போன். உங்களுக்கு இந்தப் போன் வெறும் மைக்தான், திரையைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அடிப்பாகம் உங்கள் வாயைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள், மைக் ஓட்டை துணியில் புதையக் கூடாது. வாய்க்கு நேராக வேண்டாம், மூச்சு மோதும். சற்றுப் பக்கவாட்டில் ஒரு சாண் தூரம் போதும். ஃபேன் பாதி குறைந்தது என்றால் இரண்டு காரணமும் கலந்திருக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே இல்லாமல் மேசையைச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டால் காற்று மோதுவது குறையும். மீதிக்கு மைக்கை நெருக்கமாக வைப்பதும் ஜூமின் வடிகட்டியும்தான்.

வகுப்புக்கு முன் zoom.us/test போய்ப் பேசிப் பாருங்கள். ரெக்கார்டரில் கேட்பது வேறு, ஜூம் வழியாகப் போவது வேறு.

மாடிவீடு
இயர்போனில் வரும் மைக் போதாதா? வாய்க்குப் பக்கத்திலேயே தொங்குமே.

பழைய_ரேடியோ
தாராளமாகப் போதும். சொல்லப்போனால் ஸ்டூலைவிட அது மேல். சட்டையிலோ துப்பட்டாவிலோ உரசாமல் கிளிப் போட்டால் சரி. போனில் உருண்டை ஓட்டை இல்லையென்றால் டைப்-சி இயர்போன் வாங்குங்கள். விலை குறைந்த மாற்றி ஒயர்கள் எல்லாப் போனிலும் வேலை செய்வதில்லை. செருகிய பிறகு இயர்போன் மைக்கை விரலால் தேய்த்துப் பாருங்கள். "கர கர" என்று பெரிதாகக் கேட்காவிட்டால் போன் இன்னும் தன் மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டெக்_சிங்கம்
கடைசியில் ஹெட்போனுக்கே வந்துவிட்டீர்கள். இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பைத்தான்_டீச்சர்
வகுப்பு முடிந்தது. ஸ்டூல் + தலையணை. கீபோர்டு சத்தம் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஃபேன் கொஞ்சம் கேட்கிறதாம், பரவாயில்லை என்றார்கள். எல்லோருக்கும் நன்றி, அடுத்த பேட்ச் ஆரம்பிக்கிறது.

நெல்லை_மாணவி
அக்கா, மேசையைத் தள்ளிப் போட்டீர்களா, இல்லை அதே இடம்தானா? எங்கள் சாரிடம் சொல்ல வேண்டும்.

மின்வாரியம்_பக்கத்து_வீடு
ரெகுலேட்டர் எந்த எண்ணில் இருந்தது என்றும் சொல்லுங்கள்.