புதுப்பிப்பு: டர்பனில் இறங்கிய குத்துவிளக்கின் அடக்கவிலை

நான் கேட்டது: “சென்னையிலிருந்து இறக்கிய 300 விளக்குக்கு, கட்டிய வாட் வரி அடக்கவிலையில் சேருமா?”

சேராது. வழி சொன்ன கணக்கர் அண்ணனுக்கு நன்றி. சரக்கு 60,000 ராண்ட், சுங்கவரி 12,000, கப்பல் கூலியும் கிளியரிங்கும் 18,000. ஆக ஒரு விளக்கு 300. வாட் பதிவு இருப்பதால் 11,700ஐத் திரும்பக் கோரிவிட்டேன். முன்பு அதையும் சேர்த்து 339 என்று போட்டு, விற்கும்போது மறுபடி வாட் ஏற்றியிருந்தேன். பக்கத்துக் கடை மலிவாகத் தெரிந்தது அதனால்தான்!

கப்பல் கூலிக்கும் சுங்கவரி உண்டு என்றவர் மொரீஷியஸ் வழக்கத்தைச் சொல்லிவிட்டார். இங்கே எஃப்ஓபி மதிப்புக்குத்தான், அதாவது கப்பல் கூலி சேராத சரக்கு மதிப்புக்கு. எதிர்பாராதது, வாட் போடும்போது மட்டும் அந்த மதிப்பில் 10% கூட்டுகிறார்கள்:

```
(60000 + 6000 + 12000) × 15% = 11700
```

அப்புறம், துறைமுகத் தாமதக் கட்டணம் 2,400ஐச் சரக்கில் ஏற்றாமல் செலவில் எழுதினேன். என் பங்காளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.