தேன் ஐ-யா, தேன் மீ-யா? பேப்பர் திருத்துறதுல ஒரு சந்தேகம்

வணக்கம், ஒன்பதாம் கிளாஸ் இங்கிலீஷ் பேப்பர் திருத்திட்டு இருக்கேன், ஒரு இடத்துல நின்னுட்டேன், கொஞ்சம் உதவுங்க.

'பிட்வீன் யூ அண்ட் ஐ'னு எழுதினத தப்புனு போட்டுட்டேன், அதுல சந்தேகம் இல்ல. பிட்வீன் ப்ரிபொசிஷன், 'பிட்வீன் அஸ்'னு தான் சொல்றோம், 'பிட்வீன் வீ'னு யாரும் சொல்றதில்ல, அதனால மீ தான். வாக்கியத்த 'யூ அண்ட் மீ'னு ஆரம்பிச்சா தப்புனு சின்ன வயசுல திருத்தித் திருத்தி, பிள்ளைங்க எல்லா இடத்துலயும் ஐ போட்டுடுறாங்க.

சிக்கல் ஒப்பிட்டுச் சொல்றப்ப வர்ற தேன், ஆஸ்-ல தான். 'ஷி இஸ் டாலர் தேன் மீ'னு ஒரு பொண்ணு எழுதியிருக்கா, ஆன்சர் கீ-ல 'தேன் ஐ'னு இருக்கு. பேச்சுல எல்லாரும் மீ தானே, 'ஆஸ் டால் ஆஸ் மீ'யும் அப்படித்தான். ஐ போட்டா 'தேன் ஐ ஆம்'னு முடிச்சா தான் காதுக்கு நல்லா இருக்கு.

ஆனா 'ஷி ட்ரஸ்ட்ஸ் யூ மோர் தேன் ஐ'னா நான் உன்னை நம்புறத விட அவ அதிகமா நம்புறா, 'தேன் மீ'னா பெரும்பாலும் என்னை நம்புறத விட உன்னை நம்புறானு அர்த்தம். தமிழ்ல ரெண்டுக்குமே 'என்னை விட' தான், இத எப்படி புரிய வைக்கிறது? அந்த டாலர் தேன் மீ-க்கு நீங்க மார்க் குடுப்பீங்களா?