புதுப்பிப்பு: ரத்துப் பக்கத்தில் பாதி விலைச் சலுகை, 180ஆம் நாள் கணக்கு

கேட்டது: “எங்கள் துணைப்பாடச் செயலியில் ரத்தை அழுத்துவோருக்கு 3 மாதம் பாதி விலை. நிற்கிறார்களா, கிளம்புவதைத் தள்ளிப்போடுகிறார்களா?”

எல்லாருக்கும் நன்றி. செல்வி அக்கா சொன்ன வழிதான் விடை தந்தது: ரத்தை அழுத்தியவர்களைக் குலுக்கல் முறையில் 400, 400 ஆகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சலுகையே காட்டவில்லை. ஏற்றவர்களை மட்டுமல்ல, அழுத்திய எல்லாரையும் எண்ணினோம்.

90 நாள் காத்திருந்தால் போதும் என்றார் ரவி. காத்திருப்பது சரி, ஆனால் அன்றுதான் தள்ளுபடியே முடிகிறது. அன்று கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சலுகைப் பக்கம் 128, மறுபக்கம் 52. முழு விலை 24 வெள்ளி மும்முறை பிடித்தபின், 180ஆம் நாளில் 61, 49. இந்த 12 பேர் தற்செயலாகவும் வரலாம்.

எதிர்பாராதது அந்த 49தான். சலுகை இல்லாமலே நின்றவர்கள், திரும்பியவர்கள். சலுகைப் பக்கத்திலும் இப்படிப்பட்டவர்களுக்குத் தள்ளுபடி வீணாகப் போயிருக்கும்.

ரத்துக்குப் பதில் ‘ஒரு மாதம் நிறுத்திவை’ என்ற வழி இன்னும் சோதனையில் இருக்கிறது. டிசம்பர் பள்ளி விடுமுறை முடிந்ததும் பார்க்கவேண்டும்.