பிட்காயின் ஏடிஎம்மில் 500 டாலர் போட்டேன், வாலட்டில் 431 தான் காட்டுது. மிச்சம் எங்கே?

வன்னிமைந்தன் (ஸ்காபரோ)

வணக்கம். சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில இருக்கிற பிட்காயின் மெஷினில 500 டாலர் போட்டனான். எல்லாம் 20 டாலர் நோட்டு. புது பிளாஸ்டிக் நோட்டுகள் ஒண்டோட ஒண்டு ஒட்டி, மெஷின் நாலைஞ்சு தரம் திருப்பித் துப்பினது. கடைசியில 500 எண்டு திரையில சரியாக் காட்டினது. ரசீதில இருக்கிறது இதுதான்: போட்ட காசு 500.00, கட்டணம் 3.00, விலை 159,600, கிடைத்தது 0.00311403 பிட்காயின்.

அடுத்த நாள் காலம வாலட்டைத் திறந்தா 431 டாலர் எண்டு நிக்குது. கட்டணம் 3 டாலர் எண்டால் 497 எல்லோ இருக்க வேணும்? மெஷினில பிழையா, இல்லாட்டி இன்னும் ஒரு பங்கு வர இருக்கா? கடைக்காரரிட்டக் கேட்டா, "நான் இடம் மட்டும்தான் குடுத்திருக்கிறன், மெஷினிலே இருக்கிற நம்பருக்கு அடியுங்கோ" எண்டார். அங்க ஒருத்தரும் எடுக்கினம் இல்லை. விளங்கப்படுத்துங்கோ.

கோபால்_மிசிசாகா

அது நெட்வொர்க் கட்டணம் நண்பா. பிட்காயின்ல கூட்டம் அதிகமா இருந்தா, பரிவர்த்தனையைப் பதிவு பண்ற மைனருக்கு நிறைய போகும். ஞாயிறு காலைல போட்டுப் பாருங்க, கம்மியா இருக்கும். நான் அப்படித்தான் பண்றேன்.

சுகந்தி_ம

தம்பி, ஆரும் போனில கதைச்சு இந்த மெஷினில போடச் சொன்னவையோ? வரி பாக்கி, கைது எண்டு வெருட்டினவையோ? என்ர மாமாவுக்கு இப்பிடித்தான் நடந்தது. வங்கியில 6,000 டாலர் எடுத்துக்கொண்டு போய் மெஷினுக்கு முன்னால நிண்டவர், மகள் தற்செயலா அடிச்சதால தப்பினார். வருமான வரி அலுவலகம் பிட்காயினில காசு வாங்கிறதில்லை. அப்பிடி எண்டால் உடன பொலிசுக்கும் கனேடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் சொல்லுங்கோ.

வன்னிமைந்தன்

இல்லை அக்கா, ஒருத்தரும் சொல்லேல்லை. என்ர சொந்த வாலட்டுக்குத்தான் வாங்கினனான். ஆனா நீங்கள் எழுதினது நல்லது, வேற ஆரும் வாசிப்பினம்.

பழைய_டெக்னீஷியன்

நான் சில வருஷம் ஒரு மெஷின் கம்பெனியில வேலை பார்த்தேன். நோட்டு சிக்கினா திறந்து எடுக்கிறது, புகார் போனை எடுக்கிறது ரெண்டும் என் வேலை. வந்த புகார்ல பாதிக்கு மேல இதே கேள்விதான்.

கோபால் சொன்னது ஓரளவுக்குச் சரி. நெட்வொர்க் கட்டணம்னு ஒண்ணு உண்டு. ஆனா உங்க ரசீதுல அது தனியா 3 டாலர்னு வந்துடுச்சு. மிச்சப் பணம் "விலை"ங்கிற வரியில இருக்கு. அன்னிக்கு சாயங்காலம் எக்ஸ்சேஞ்ச்ல ஒரு பிட்காயின் என்ன விலைன்னு அந்த நிமிஷத்து சார்ட்ல பாருங்க, எழுதுங்க. அப்புறம், வாலட் கனேடிய டாலர்ல காட்டுதா, அமெரிக்க டாலர்லயான்னும் பாருங்க. அதுல நிறைய பேர் பயந்து போன் பண்ணுவாங்க.

இன்னொரு பங்கு வர இருக்கான்னு கேட்டீங்க. ரசீதுல இருக்கிற பரிவர்த்தனை எண்ணை mempool.space இணையதளத்துல போட்டுப் பாருங்க. உங்க முகவரிக்கு 0.00311403 வந்து, உறுதியாகியிருந்தா அவ்வளவுதான். வேற எதுவும் வராது.

வன்னிமைந்தன்

பார்த்தன். உறுதியாகியிருக்கு, அதே அளவுதான். வாலட் கனேடிய டாலர்தான். அந்த நேரத்து எக்ஸ்சேஞ்ச் விலை 140,000 கிட்ட.

பழைய_டெக்னீஷியன்

சரி, இப்ப கணக்குப் போடலாம். மெஷின் விலை 159,600. சந்தை விலை 140,000. மெஷின் 14 சதவீதம் கூட வச்சு வித்திருக்கு. 500-ல 3 போக 497. அதை 159,600-ஆல வகுத்தா 0.00311403, ரசீதுல இருக்கிறதேதான். மெஷின்ல பிழை இல்ல, நோட்டு எதையும் முழுங்கவும் இல்ல. அந்த பிட்காயினுக்கு அந்த நேரத்துச் சந்தை மதிப்பு 436 டாலர். ஆக நீங்க கொடுத்த கட்டணம் 3 இல்ல, 64. போட்ட காசுல கிட்டத்தட்ட 13 சதவீதம்.

14 எப்படி 13 ஆச்சுன்னு குழப்பம் வரும். விலை மேல 14 ஏத்தினா, அது உங்க கையில இருந்த காசுல சுமார் 12.3. அதோட 3 டாலர் சேரும். சில மெஷின் காசு மேல கழிச்சுச் சொல்லும், சிலது விலை மேல ஏத்திச் சொல்லும். அதனால ரெண்டு மெஷினோட சதவீதத்தை ஒப்பிடாதீங்க. "500 போட்டா எத்தனை பிட்காயின்?" அது ஒண்ணை மட்டும் ஒப்பிடுங்க. நோட்டைப் போடுறதுக்கு முன்னாடியே பெரும்பாலான மெஷின்ல விலை தெரியும். பக்கத்துல போன்ல சந்தை விலையைத் திறந்து வச்சுக்கிட்டு, பிடிக்கலைன்னா ரத்து பண்ணிட்டு வந்துடலாம். முதல் நோட்டு உள்ள போயிட்டா பெரும்பாலும் திரும்பாது.

கொள்ளைன்னு தோணும். கடைக்கு மாச வாடகை, காசு அள்ளுற வண்டி, நோட்டு படிக்கிற கருவி, கணக்குக் கொடுக்கத் தயங்குற வங்கி, எல்லாச் செலவும் அந்த ஒரு விலையிலதான் ஏறுது. அதுக்காக 3 டாலரைப் பெரிசாவும் 61 டாலரை ஒளிச்சும் ரசீது அடிக்கிறது நியாயம்னு நான் சொல்லமாட்டேன். அங்க இருந்தப்பவே அதைச் சொன்னேன்.

வன்னிமைந்தன்

இப்பதான் விளங்குது. ஆனா 436 எண்டு வருது, வாலட்டில 431. அந்த 5 டாலர்?

பழைய_டெக்னீஷியன்

ராத்திரியில விலை இறங்கியிருக்கலாம், வாலட் வேற இடத்து விலையை எடுத்திருக்கலாம். அந்த அஞ்சை என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ரசீதை மட்டும் இன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. அந்தத் தாள் சீக்கிரம் வெளுத்துடும். விக்கும்போது மூலதன ஆதாய வரிக்கு உங்க வாங்கின செலவு 500, 436 இல்ல. தாள் இல்லன்னா அதை எப்படிக் காட்டுவீங்க?

கோபால்_மிசிசாகா

அப்ப நான் சொன்னது தப்பா? எனக்கு ஞாயிறு காலைல கம்மியாத்தான் வருது. சரி, இன்னொரு டிப்: 1,000 தாண்டினா லைசென்ஸ் ஸ்கேன் கேக்கும். 995, 995-ஆ போட்டா கேக்காது.

பழைய_டெக்னீஷியன்

நீங்க சொந்த வாலட்ல இருந்து அனுப்பும்போது ஞாயிறு பெரும்பாலும் மலிவு, அது உண்மை. மெஷின்ல அந்த நெட்வொர்க் கட்டணத்தைக் கம்பெனி நிர்ணயிக்குது. பலருடையதைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையா அனுப்புறதும் உண்டு, அப்ப அவங்களுக்கு ஆகுற செலவு அதைவிடக் கம்மி. சில நேரம் லேட்டா வர்றதும் அதனாலதான்.

995 யோசனை வேண்டாம். 1,000 டாலரும் அதுக்கு மேலயும்னா அடையாளம் பார்க்கணும்னு கனடாவுல சட்டமே இருக்கு. அதுக்குக் கீழ போன் நம்பருக்கு வர்ற குறியீடு மட்டும் போதும்னு பல கம்பெனி வச்சிருக்கு. ஆனா அதே நம்பர், அதே வாலட்டுக்கு 995 மறுபடி மறுபடி வந்தா சிஸ்டம் முதல்ல பிடிக்கிறது அதைத்தான். சந்தேகப் பரிவர்த்தனைன்னு, கள்ளப்பணத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஃபின்ட்ராக்குக்கு அறிக்கை போக எந்தத் தொகை வரம்பும் கிடையாது. 24 மணி நேரத்துல ரொக்கம் மொத்தம் 10,000 ஆனா, அதைக் கூட்டி இன்னொரு அறிக்கை. அந்த 10,000 அறிக்கை போறதால மட்டும் உங்க மேல தப்புன்னு அர்த்தமில்ல. பிரிச்சுப் போடுறதுதான் உங்களைச் சந்தேகப்பட வைக்கும். கணக்கு முடங்கினா அப்புறம் லைசென்ஸோட வங்கித் தாளும் கேப்பாங்க.

தாரணி_ர

இடையில வந்ததுக்கு மன்னிக்கவும். வீட்டில என்ர பங்கை வித்த காசு 80,000 டாலர் வங்கியில இருக்கு. அதில பிட்காயின் வாங்கிறது எண்டு முடிவு. மெஷின் சரிவராது எண்டு விளங்குது. ஓடிசி டெஸ்க் எண்டு சொல்லுறாங்கள், அது டவுன்டவுனில இருக்கிற காசு மாத்துற கடை மாதிரியா?

கோபால்_மிசிசாகா

அந்தக் கடைதான். கவுன்டர்ல காசு கொடுத்தா வாலட்டுக்கு அனுப்புவாங்க. எனக்கு 5 சதவீதம் எடுத்தாங்க.

பழைய_டெக்னீஷியன்

ரெண்டும் வேற, பேர்தான் ஒரே மாதிரி. கோபால் போனது ஆள் உட்கார்ந்திருக்கிற கடை. மெஷினைவிட மலிவா இருக்கும், சில ஆயிரம் டாலருக்குச் சரி. தாரணிக்கு வேணும்கிறது பெரிய தொகைக்கு விலை சொல்ற டெஸ்க். எக்ஸ்சேஞ்சுகள்லயே அது இருக்கும். குறைஞ்ச தொகை ஒவ்வொரு இடத்துல 50,000, சில இடத்துல 100,000, அதைவிடக் கூடவும் இருக்கலாம். ரொக்கம் வாங்க மாட்டாங்க, வங்கி வயர்தான். இ-டிரான்ஸ்ஃபரும் உதவாது, பல வங்கியில ஒரு நாளைக்கு 3,000 தான். வீடு வித்த ஒப்பந்தம், வக்கீல் கணக்குத் தாள் எல்லாம் கேப்பாங்க, தயாரா வைங்க.

"கட்டணம் பூஜ்யம்"னு சொல்லுவாங்க. மெஷின்ல பார்த்த அதே கதைதான், விலைக்குள்ள இருக்கும், அளவு மட்டும் சின்னது. அதனால வாங்கப் போறேன்னு முதல்லயே சொல்லாதீங்க. வாங்குற விலை, விக்கிற விலை ரெண்டையும் ஒரே நேரத்துல கேளுங்க. நடுவிலையைக் கண்டுபிடிச்சா அவங்க எடுக்கிறது தெரிஞ்சுடும். அதுக்கு முன்னாடி ஃபின்ட்ராக் பதிவேட்டுல அந்தக் கம்பெனி பேரைத் தேடுங்க. பதிவு இருந்தா நல்ல கம்பெனின்னு அர்த்தமில்ல, இல்லன்னா பக்கமே போகாதீங்க.

தாரணி_ர

ரெண்டு இடத்தில கேட்டன். ஒண்டு 100,000-க்குக் குறைஞ்சா இல்லை எண்டிட்டுது. மற்றது நீங்கள் சொன்ன மாதிரியே ரெண்டு விலையும் தந்தது: எனக்கு விக்க 140,900, என்னட்ட வாங்க 139,300. விலை திரையில பத்துச் செக்கன்தான் நிக்குது, யோசிக்க முதலே போயிடுது.

பழைய_டெக்னீஷியன்

நடுவிலை 140,100. உங்களுக்கு 800 கூட, அதாவது 0.57 சதவீதம். 80,000-க்கு சுமார் 455 டாலர். இதே தொகைக்கு வன்னிமைந்தனோட மெஷின் விலைன்னா 9,800 போயிருக்கும். 455 மோசமில்லை. அதே எக்ஸ்சேஞ்ச்ல சாதாரணமா, நீங்க சொல்ற விலைக்கு மேல வாங்காத லிமிட் ஆர்டர் போட்டு நாலஞ்சு தடவையா வாங்கினா இன்னும் குறையலாம், அவங்க கட்டணப் பட்டியலைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

வன்னிமைந்தன்

நானும் அப்ப எக்ஸ்சேஞ்சில கணக்குத் திறந்து இ-டிரான்ஸ்ஃபரில போடுறன். மெஷின் கம்பெனிக்காரர் இண்டைக்கு எடுத்தவை. "கட்டணம் 3 தான், விலை எங்கட விலை" எண்டினம். அந்த 14 வீதத்தை எழுத்தில தாங்கோ எண்டு கேட்டிருக்கிறன். இன்னும் வரேல்லை.

தாரணி_ர

ஒரு கேள்வி. விலையை ஒத்துக்கொண்ட பிறகு வயர் ரெண்டு நாள் பிந்தினா, அந்த விலை நிக்குமா?

பழைய_டெக்னீஷியன்

டெஸ்க்கைப் பொறுத்தது. புது வாடிக்கையாளர்னா பெரும்பாலும் பணம் கணக்குக்கு வந்தப்புறம்தான் உறுதியான விலை சொல்லுவாங்க, அப்ப இந்தப் பிரச்சினை வராது. முன்னாடியே விலையைப் பூட்டச் சொன்னா, வயர் பிந்தினா நஷ்டம் யாருக்குன்னு ஒப்பந்தத்துல எந்த வரியில இருக்குன்னு கேட்டு வாங்குங்க. வங்கிக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க. கிரிப்டோ கம்பெனி பேரைப் பார்த்தா வயரை நிறுத்தி வச்சுட்டு உங்களுக்குப் போன் பண்ணுவாங்க.